வீங்கிய முழங்கால், உறங்கும் தொடை

1965இல் டி அன்ட்ராடே என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரமான பரிசோதனை செய்தார்கள். முழங்கால் மூட்டுக்குள் ஊசியால் திரவத்தைச் செலுத்திவிட்டு, தொடையின் முன்பக்கத் தசை என்ன செய்கிறது என்று கவனித்தார்கள். மூட்டு புடைக்கப் புடைக்கத் தசை அடங்கிப்போனது. 1984இல் ஸ்பென்சர் குழுவினர் இதை இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். எந்தக் குறையுமில்லாத முழங்காலுக்குள் 20 முதல் 30 மில்லிலீற்றர் உப்புநீர் போனதுமே தொடையின் உட்பக்கத் தசை மந்தமாகிவிட்டது. 50, 60 மில்லிலீற்றர் ஆனபோது தொடையின் மற்றத் தசைகளும் சேர்ந்து தளர்ந்தன. 30 மில்லிலீற்றர் என்றால் இரண்டு மேசைக்கரண்டி. கத்தி படவில்லை, காயமில்லை, இரண்டு கரண்டித் தண்ணீர்தான்.

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும் முழங்காலுக்குள் இருப்பது இதைவிட அதிகம். பரந்தன் முல்லைத்தீவு வீதியில், தர்மபுரத்தில், 65 வயது அம்மா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு யாழ்ப்பாணத்தில் செயற்கை மூட்டுப் பொருத்தி, ஒரு வாரத்தில் வாக்கரோடு வந்திறங்கியிருக்கிறார். மகள் பிசியோ தந்த பயிற்சித் தாளைப் பார்த்து, "காலை நேரா வைச்சுத் தூக்குங்கோ அம்மா" என்கிறாள். அம்மா முகத்தைச் சுழித்து முயல்கிறார். குதிக்கால் கட்டிலை விட்டு எழும்பவில்லை. "நான் தூக்கிறன் தான் பிள்ளை, கால் சொல்லுக் கேக்குதில்லை." மகளுக்கு அது சாட்டாகத் தெரிகிறது. உண்மையில் அம்மா சொன்னது அறிவியல்.

மூட்டை மூடியிருக்கும் உறைக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. உறை இழுபட்டதும் அவை முள்ளந்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கேயே, மூளையைக் கேட்காமலே, தொடைத் தசைக்குப் போகும் கட்டளை மட்டுப்படுத்தப்படுகிறது. தண்ணீர் இறைக்கும் மோட்டர் பழுதில்லை, அதற்கு வரும் மின்சாரம்தான் குறைந்திருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூட்டு மாற்றிய ஒரு மாதத்தில் தொடைத் தசையின் பலம் சத்திரசிகிச்சைக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்திருந்தது. தசை மெலிந்தது அதற்குச் சிறிய காரணம்தான். இருக்கும் தசையை முழுதாக இயக்க முடியாமற் போனதே பெரிய காரணம்.

பிசியோ தரும் தாளில் உள்ள எண்களின் பொருள் இங்கேதான் விளங்கும். முதல் ஆறு வாரத்துப் பயிற்சிகள் தசையைப் பருக்க வைப்பதற்கானவை அல்ல. அணைந்துபோன நரம்புப் பாதையை மறுபடி மறுபடி தட்டி எழுப்புவதற்கானவை. அதனால்தான் "10 தரம், ஒரு நாளில் 3 வேளை" என்று எழுதப்படுகிறது. காலையிலேயே 30 தரம் செய்து முடித்துவிட்டால் கணக்குச் சரிவரும், பலன் வராது. களைத்த தசையைத் தட்டி எழுப்ப முடியாது. கூடவே, அதிக அசைவு மூட்டுக்குள் இன்னும் கொஞ்சம் நீரைச் சேர்த்து, அணைந்ததை மேலும் அணைத்துவிடும்.

தாளின் முதற் பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமேயில்லாதது. காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்பக்கத்தைக் கட்டிலோடு அழுத்தி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்துவிட்டுத் தளர்த்த வேண்டும். சத்தமாக எண்ணினால் மூச்சை அடக்கிக்கொள்ள முடியாது. பிரஷர் உள்ளவர்களுக்கு அது முக்கியம். சரியாக நடக்கிறதா என்பதை முழங்கால் சிரட்டை காட்டித்தரும். தொடை உண்மையில் இறுகினால் சிரட்டை தொடைப்பக்கமாக ஒரு நூலளவு மேலேறும், சிரட்டைக்கு மேலே உட்பக்கமாக வைத்த விரல்களுக்குக் கீழே தசை கல்லாகும். சிரட்டை அசையாமல் இடுப்பு மட்டும் கட்டிலை விட்டு எழும்பினால், வேலை செய்வது பிட்டத்துத் தசை. அதை எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. அம்மா தன் கையையே அங்கே வைத்துக்கொண்டால், தசை விழித்ததா என்று அவருக்கே தெரியும். நல்ல காலில் ஒரு தரம் இறுக்கிப் பார்த்துவிட்டு நொந்த காலுக்கு வருவது இன்னும் நல்லது.

அடுத்தது காலைத் தூக்குவது. முதலில் முன்சொன்னபடி தொடையை இறுக்கிக்கொண்டு, அந்த இறுக்கம் விடாமல் குதிக்காலை ஒரு சாண் உயர்த்தி, மெதுவாக இறக்க வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது உயரத்தையல்ல, முழங்காலை. குதிக்கால் எழும்பும்போது முழங்கால் கொஞ்சம் மடிந்து தொங்கினால் தொடை தோற்றுவிட்டது, இடுப்புத்தான் காலைத் தூக்குகிறது என்று அர்த்தம். தாளில் 10 என்று இருக்கலாம். ஆறாவது தரத்தில் முழங்கால் மடிந்தால் இன்றைய எண் ஐந்து. நாளைக்கு ஆறாகலாம். மகள் செய்ய வேண்டிய வேலை இதுதான்: பக்கத்திலிருந்து உற்சாகப்படுத்துவதல்ல, முழங்காலைப் பார்த்து நிறுத்தச் சொல்வது.

மடக்கும் பயிற்சிக்குச் சீமெந்துத் தரையே போதும். கதிரையில் இருந்து, குதிக்காலுக்குக் கீழே ஒரு சொப்பிங் பையை வைத்து, பாதத்தைத் தரையோடு உள்ளே இழுக்க வேண்டும். முடிந்த இடத்தில் ஐந்து எண்ணிவிட்டு முன்னே விடலாம். பத்துத் தரம். முழங்கால் செங்குத்தாக மடிந்தால் 90 பாகை. இரண்டு வாரமளவில் அதை எட்டப் பார்க்கிறோம். நடக்கும்போது கால் மடிவது ஏறத்தாழ 65 பாகைதான். படியிறங்கவும் கதிரையிலிருந்து எழும்பவும் 90 பாகை அளவில் தேவை. செயற்கை மூட்டுப் பெரும்பாலும் 110, 120இல் நின்றுவிடும். குந்துவதற்கோ 130க்கும் மேல் வேண்டும். ஆகவே குந்து மலசலகூடம் மட்டுமே உள்ள வீட்டில், சத்திரசிகிச்சைக்கு முன்பே கொமட்டுக்கோ, நடுவில் ஓட்டை வெட்டிய உறுதியான கதிரைக்கோ வழிபார்க்க வேண்டும். அம்மா எவ்வளவு முயன்றாலும் அந்தக் கடைசிப் பாகைகள் பயிற்சியால் வருபவையல்ல.

மடக்குவதில் எல்லோருக்கும் அக்கறை. நீட்டுவதைத்தான் மறந்துபோகிறோம். அதற்கொரு காரணம் இருக்கிறது. நீர் கோத்த மூட்டுக்குள் அழுத்தம் மிகக் குறைவாக இருப்பது, முழங்கால் கொஞ்சம் மடிந்து, 30 பாகையை ஒட்டி இருக்கும்போது. அதனால் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். மிஸிமார் திட்டுவதும் அந்தத் தலையணைக்காகத்தான். இரவிரவாக அப்படியே கிடந்த முழங்காலின் பின்பக்கம் அந்த நீளத்திலேயே இறுகிவிடும். முழுதாக நீளாத காலோடு நிற்பவருக்குத் தொடை ஒரு கணமும் ஓய முடியாது. ஆகவே துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள். முழங்கால் தன் பாரத்தில் கீழே தொங்கட்டும். ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பத்து வரை, மூன்று வேளை. உளைவு இருக்கும். ஆனால் முதல் மாதத்தில் இதைவிடப் பெறுமதியான பத்து நிமிடம் தாளில் இல்லை.

எவ்வளவு நோகலாம்? பூச்சியம் முதல் பத்து வரை நோவுக்குப் புள்ளி கொடுத்தால், பயிற்சியின்போது நாலு வரை போகலாம். நோ குளிசை தரப்பட்டிருந்தால் அரை மணித்தியாலம் முன்னதாகப் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். நோவைப் பல்லைக் கடித்துத் தாங்குபவர்கள்தான் என்னைக் கவலைப்படுத்துகிறார்கள், ஏனென்றால் தீர்ப்பு அடுத்த நாட் காலையில்தான் வரும். தையற்கடை அளவுநாடாவை எடுத்து, காலையில் எழும்பியதும், காலை நீட்டிவைத்து, சிரட்டையின் நடுவால் சுற்றளவைப் பாருங்கள். நேற்று 42 சென்ரிமீற்றர், இன்று 43 என்றால் நேற்றுச் செய்தது கூடிப்போயிற்று. அந்தச் சென்ரிமீற்றர்தான் தொடையை அணைக்கிறது. இன்று மடக்குவதையும் நடையையும் பாதியாக்கி, துணி சுற்றிய ஐஸ்கட்டியை 15 நிமிடம் வைத்து, காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைக்கலாம். முற்றாக நிறுத்தத் தேவையில்லை. தொடையை இறுக்குவதும் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவதும் தொடரட்டும்.

ஆறு வாரத்துக்குப் பிறகு கணக்கு மாறும். வீக்கம் வடிந்து, தூக்கிய கால் மடியாமல் நிற்கத் தொடங்கியதும்தான் தசையைப் பலப்படுத்தும் காலம் வருகிறது. அப்போது எட்டு முதல் பன்னிரண்டு தரத்தில் தொடை உண்மையாகவே களைக்கும் அளவுக்குப் பாரம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும். கைபிடிக்காமல் கதிரையிலிருந்து மெதுவாக எழும்பி இருப்பதும் இந்த வகைதான்.

இதெல்லாம் மூட்டு மாற்றியவருக்கு. பந்தடித்துச் சவ்வு கிழிந்து தைத்த பக்கத்து வீட்டுப் பெடியனின் தாள் வேறு. தைத்த சவ்வுக்குப் பாரம் எவ்வளவு, மடக்கல் எத்தனை பாகை என்பதற்குச் சத்திரசிகிச்சை நிபுணர் எல்லை போட்டிருப்பார். தாளை இரவல் வாங்கக்கூடாது.

இனி, பயிற்சியால் வந்ததல்ல என்று சந்தேகிக்க வேண்டியவை. மூட்டுச் சூடாக இருப்பதும், சில மாதம் லேசாக வீங்குவதும், உள்ளே "டக் டக்" என்பதும், தழும்புக்கு வெளிப்பக்கமாக ஒரு கையகலம் விறைத்திருப்பதும் வழமை. கெண்டைக்கால் புதிதாக இறுகி வீங்கி நோவது வழமையல்ல. இரத்தக்கட்டியாக இருக்கலாம். நம்மூரில் அப்போது முதலில் வருவது நல்லெண்ணெய்ப் போத்தல்தான். தயவுசெய்து உருவ வேண்டாம், கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு நோ, இருமலில் இரத்தம் என்றால் ஓட்டோ தேடாமல் 1990க்கு அழையுங்கள். காயத்திலிருந்து நீரோ சீழோ கசிவது, பரவும் சிவப்பு, 38 பாகை தாண்டிய காய்ச்சல் ஆகியவையும் அன்றே காட்ட வேண்டியவை. மிச்சமிருந்த அன்ரிபயோற்றிக்கை வீட்டிலேயே தொடங்கினால், கிருமி எதுவென்று கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். நேற்றுவரை தூக்கிய காலை, சறுக்கியோ "படக்" என்ற சத்தத்தோடோ, இன்று தூக்கவே முடியாவிட்டால் அது உறங்கும் தொடையல்ல. சிரட்டையோடு சேர்ந்த தசைநாண் அறுந்திருக்கலாம். பாதத்தை மேலே மடக்க முடியாமற் போவதும் உடனே சொல்ல வேண்டியது.

இன்னொன்று சத்தமில்லாமல் வரும். ஆறு வாரமாகியும் முழங்கால் 90 பாகை மடியவில்லையென்றால், அடுத்த கிளினிக் திகதிவரை பொறுத்திருக்க வேண்டாம். மயக்கமருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை உண்டு. அது முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும். மகள் கொப்பியில் நாளுக்கு ஒரு வரி எழுதிக்கொண்டு போனால் போதும்: சுற்றளவு எத்தனை, பாதம் கதிரைக்குக் கீழே எதுவரை போனது, முழங்கால் மடியாமல் எத்தனை தரம் தூக்கினார். "எப்படியம்மா இருக்கு?" என்ற கேள்விக்கு "பரவாயில்லை ஐயா" என்ற பதிலைவிட அந்த மூன்று எண்களில் வைத்தியருக்குச் செய்தி அதிகம்.