வலி குறைந்ததா, எண் மட்டும் குறைந்ததா?

முழங்கால் வலி என்றால் பெரும்பாலானோர் முதலில் தேடுவது பாரசிட்டமால். 2015-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த மாத்திரையைப் பற்றிய 13 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து அலசினார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானத்தில் மருந்தில்லாத போலி மாத்திரையைவிடப் பாரசிட்டமால் வலியைக் கூடுதலாகவே குறைத்தது. அது தற்செயலாக வந்த வித்தியாசம் அல்ல என்பதையும் கணக்கு உறுதிசெய்தது. கூடுதலாகக் குறைந்தது எவ்வளவு? நூறு புள்ளி அளவுகோலில் 3.7.

அந்த அளவுகோல் எளிமையானது. பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு. ஒரு முனையில் ‘வலியே இல்லை’, மறுமுனையில் ‘இதைவிட மோசமான வலி இருக்க முடியாது’. தன் வலி எங்கே நிற்கிறது என்று நோயாளி ஒரு கீறல் போடுவார். அதை மில்லிமீட்டரில் அளந்தால் வலி மதிப்பெண். அந்தக் கோட்டில் 3.7 என்பது நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. நேற்றும் இன்றும் ஒரே வலியோடு இருப்பவரின் கீறல்கூட அந்த அளவுக்குத் தள்ளிப் போகலாம்.

அப்படியிருந்தும் கணக்கு ஏன் ‘முக்கியம்’ என்றது? ஆட்களின் எண்ணிக்கைதான் காரணம். வலி மதிப்பெண் ஆளுக்கு ஆள் சுமார் 25 புள்ளி சிதறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்துக் குழுவில் 50 பேர், போலி மாத்திரைக் குழுவில் 50 பேர். சராசரிகளுக்கு இடையே 4 புள்ளி வித்தியாசம் வந்தால், உண்மையான பலன் −6 முதல் 14 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். அதனால் முடிவு ‘முக்கியமல்ல’. இதையே குழுவுக்கு ஆயிரம் பேரை வைத்துச் செய்தால், அதே 4 புள்ளிக்கு வீச்சு ஏறத்தாழ 2 முதல் 6 வரை சுருங்கிவிடும். சுழியம் வெளியே போய்விட்டதால் முடிவு ‘முக்கியம்’ என்று மாறுகிறது. மாத்திரை மாறவில்லை, முழங்காலும் மாறவில்லை.

எனவே இன்னொரு கோடு தேவைப்படுகிறது: எத்தனை புள்ளி குறைந்தால் நோயாளிக்கு அது ஒரு பொருட்டாகும்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கயட்டும் உடன் உழைத்தவர்களும் 1989-இல் இந்தக் கேள்விக்கு வடிவம் கொடுத்தார்கள். நோயாளிக்குப் பயன் தருவதாகப் படுகிற மிகச் சிறிய மாற்றமே ‘குறைந்தபட்ச முக்கிய வேறுபாடு’. அதைக் கண்டுபிடிக்கும் வழி, நோயாளியிடமே கேட்பது. சில வாரம் கழித்து ‘முன்னைக்கு இப்போது எப்படி?’ என்று கேட்டு, தேறியிருக்கிறது என்று சொன்னவர்களின் மதிப்பெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, நாள்பட்ட வலி உள்ள 2,724 பேரின் விவரங்களை இப்படிப் பார்த்தது. ‘நன்றாகத் தேறிவிட்டது’ என்பதற்கு ஈடாக நின்றது, பத்துப் புள்ளி அளவுகோலில் சுமார் 2 புள்ளி, அல்லது 30 சதவீதக் குறைவு.

பாரசிட்டமால் ஆய்வாளர்கள் வைத்த கோடு 9 புள்ளி. நூறு புள்ளி அளவுகோலில் 20 ஆக வேண்டியது ஏன் 9 ஆனது என்று தோன்றலாம். முன்னது ஒரே ஆளிடம் மாத்திரைக்கு முன்னும் பின்னும் உள்ள மாற்றம். பின்னது இரண்டு குழுக்களின் சராசரிக்கு இடையே உள்ள இடைவெளி. போலி மாத்திரை விழுங்கியவர்களுக்கும் வலி ஓரளவு குறையத்தான் செய்கிறது. அதைக் கழித்த மிச்சமே இந்த இடைவெளி. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மருத்துவக் கட்டுரைகள் உண்டு.

3.7-க்கான வீச்சு 1.9 முதல் 5.5 வரை. இதுதான் பார்க்க வேண்டிய இடம். கீழ் முனை சுழியத்துக்கு மேலே இருக்கிறது. ஆகவே பலன் உண்டு. மேல் முனைகூட 9-ஐத் தொடவில்லை. ஆகவே எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் சராசரிப் பலன் சிறியதே. முன்பு பார்த்த 50 பேர் கணக்கில் வீச்சு −6 முதல் 14 வரை. அதற்குள் சுழியமும் அடங்கும், 9-உம் அடங்கும். அதைப் படித்துவிட்டு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று எழுதுவதும் தவறுதான். அங்கே ஒன்றும் தெரியவில்லை என்பதே சரியான விடை.

சராசரிக்குள் ஒளிந்திருக்கும் ஆட்களையும் மறக்கக் கூடாது. நூறு பேரில் பத்துப் பேருக்கு 40 புள்ளி குறைந்து, மற்றவர்களுக்கு ஒன்றுமே ஆகாவிட்டாலும் சராசரி 4-தான். அந்தப் பத்துப் பேருக்கு அது பெரிய நிவாரணம். அதனால்தான் நல்ல பரிசோதனைகள் சராசரியோடு நிற்காமல், 30 சதவீதமாவது வலி குறைந்தவர்கள் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் என்றும் எண்ணிச் சொல்கின்றன.

அதே 2015 ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. பாரசிட்டமால் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை முடிவு இயல்பு மீறும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. அதுவும் புள்ளியியல்படி முக்கியமானதே. ஆனால் அந்த ரத்த எண்ணால் நோயாளிக்கு உண்மையில் என்ன கெடுதல் என்பது தெளிவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள்.