முதல் ஸ்லைடில் செலவைச் சொல்லுங்கள்

ஜெர்மனியில் முதுகலை படிக்க ஆசையா? அப்பா அம்மாவிடம் நான்கே ஸ்லைடுகளில் சொல்லுங்கள். பல்கலைக்கழகப் பெருமையை விடுங்கள்; "பணத்துக்கு எங்கே போவது?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி.

ஒன்று, செலவு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் மாணவர் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவைக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. அன்றைய மதிப்பில் ரிங்கிட்டிலும் எழுதுங்கள்.

இரண்டு, அந்தப் பணம் எங்கே போகிறது. அது கட்டணமல்ல, முடக்கக் கணக்கில் உங்கள் பெயரிலேயே இருந்து, மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே வரும்.

மூன்று, யார் எவ்வளவு தருவது. உங்கள் சேமிப்பை முதலில் எழுதுங்கள்; இரண்டாம் ஆண்டுச் செலவை மறைக்காதீர்கள்.

நான்கு, விசா கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்.

பிறகு மடிக்கணினியை மூடிவிட்டு, அம்மாவைப் பேசவிடுங்கள்.