காரை நீக்கலாம், குப்பைத் தொட்டியை?

விற்பனைக்கு வரும் ஒரு வீட்டின் தெருப் படம். வாசலையும் மதிலையும் மறைத்தபடி ஒரு கார் நிற்கிறது. மதிலோரம் மாநகராட்சியின் குப்பைத் தொட்டி. இரண்டையும் கணினியில் அழிக்கச் சில நிமிடங்கள் போதும். ஆனால், இரண்டும் ஒரே கணக்கில் வருபவை அல்ல.

காரை நீக்க நேர்மையான வழி, அதன் பின்னால் இருப்பதையும் படமெடுப்பதுதான். டிரைபாடை நகர்த்தாமல், கார் நிற்கும்போது ஒன்று, போனபின் அதே வெளிச்சத்தில் மற்றொன்று என இரண்டு படங்கள் எடுக்க வேண்டும். போட்டோஷாப்பில் கார் உள்ள படத்தை மேல் லேயராக வைத்து, Auto-Align Layers மூலம் இரண்டையும் பொருத்தி, மாஸ்க் போட்டுக் காரின் மீது கறுப்பு பிரஷ்ஷால் தீட்டினால், கீழே உள்ள உண்மையான மதில் தெரியும். உரிமையாளரிடம் சொல்லி காரை நகர்த்த முடிந்தால் இந்த வேலையே தேவையில்லை.

கையில் ஒரே படம் இருந்தால் Content-Aware Fill பயன்படுகிறது. காரோடு அதன் நிழலையும் சேர்த்துத் தேர்வு செய்யாவிட்டால், தரையில் கார் இல்லாத நிழல் மிஞ்சும். மதிலின் ஒரே கறை இரண்டு இடங்களில் தெரிவதும், நடைபாதை விளிம்பு வளைவதும், வீட்டு ஜன்னல் கண்ணாடியில் கார் இன்னும் நிற்பதும் படம் திருத்தப்பட்டதற்கான அடையாளங்கள். இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அந்தக் கருவி படத்தின் மற்ற பகுதிகளைக் கொண்டு வெற்றிடத்தை நிரப்புகிறதே தவிர, காரின் பின்னால் இருந்ததை அறியாது. அங்கே மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸோ திறந்த கால்வாயோ இருந்திருந்தால், இல்லாத மதில் படத்தில் முளைத்துவிடும்.

தொட்டியின் கதை வேறு. வீட்டுக்காரர் தினமும் வெளியே வைத்து எடுக்கும் வாளி என்றால் நீக்குவதில் குற்றமில்லை. தெருவுக்கே பொதுவான தொட்டி என்றால் நாற்றம், ஈ, அதிகாலை லாரிச் சத்தம் எல்லாம் வாங்குபவருடன் குடிவரும். அதை அழிப்பது மறைப்புதான். இரு பக்கமும் எப்போதும் வண்டிகள் நிற்கும் குறுகிய தெருவில் காரை அழித்தால், தெரு அகலமாகத் தோன்றும். அதுவும் அதே தவறு.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்தின் பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டி நட்டமடைந்தவருக்குக் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி முதல், முகவர்கள் திருத்திய படத்தை வெளியிட்டால் அதைச் சொல்வதோடு அசல் படத்தைப் பார்க்கவும் வழி தர வேண்டும். வெளிச்சம், நிறம் சரிசெய்வதற்கு இது பொருந்தாது.

வீடு வாங்குபவர்கள் அசல் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வண்டிகள் எல்லாம் வீடு திரும்பிய பின், இரவு 9 மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள்.