பிழிந்து முடித்ததா, தண்ணீருக்குக் காத்திருக்கிறதா?

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கீழே, பின்கட்டில் இருக்கிறது. நாங்கள் மாடியில். முடிந்ததும் அது போடும் ‘பீப்’ சத்தம் மாடி வரைக்கும் வராது. மறந்துபோய் ஈரத்துணி ராத்திரி முழுக்க டிரம்முக்குள்ளேயே கிடந்தால் மறுநாள் ஒரு வீச்சம் அடிக்கும். திரும்பவும் துவைத்தால்தான் போகும். அதனால், முடிந்த சேதி போனுக்கு வரும்படி செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

எளிய வழி, மின்சாரத்தை அளக்கும் ஸ்மார்ட் பிளக். மெஷினுக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் நடுவே அதைச் செருகினால், எத்தனை வாட் ஓடுகிறது என்று வைஃபை வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். எங்களுடையது முன்பக்கம் கதவுள்ள, தண்ணீரைச் சுடவைக்கும் மெஷின். ஹீட்டர் ஓடும்போது 2,000 வாட் வரை, அதாவது 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதனால் 16 ஆம்பியர் பிளக்கைத்தான் வாங்கினேன். சின்ன பிளக்கில் இதை மாட்டினால் சூடேறி உருகிவிடும் அபாயம் உண்டு.

எந்த விதியும் எழுதாமல், முதலில் ஒரு துவைப்பை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் நிரம்பும்போது ஐந்தாறு வாட்தான். ஹீட்டர் போட்டதும் ஒரேயடியாக 1,900க்கு மேல் தாவியது. பிறகு டிரம் இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் சுற்றும். சுற்றும்போது 150 வாட், நிற்கும்போது 4 வாட். ஒவ்வொரு அலசலுக்கும் நடுவே சின்னதாக ஒரு பிழிதல். கடைசிப் பிழிதலில்தான் 400ஐத் தாண்டிப் போய் சில நிமிடம் அங்கேயே நின்றது. எல்லாம் முடிந்ததும் 2 வாட்.

அப்படியானால் ‘மூன்று நிமிடம் 5 வாட்டுக்குக் கீழே இருந்தால் முடிந்தது’ என்று எழுதினால் போதும் என்று நினைத்தேன். நாலைந்து தடவை சரியாகத்தான் சொன்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, போட்ட 22ஆவது நிமிடத்திலேயே ‘முடிந்தது’ என்று சேதி வந்துவிட்டது. கூடையோடு கீழே போனால் கதவு பூட்டியபடி இருக்கிறது. கண்ணாடிக்குள் துணியெல்லாம் நுரை. மேல்தொட்டி காலி. மெஷின் முதல் அலசலுக்குத் தண்ணீர் வரும் என்று பேசாமல் காத்துக்கொண்டிருந்தது. காத்திருக்கும்போதும் 4 வாட், முடிந்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவு. வாட் குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

பிரித்துக் காட்டுவது அதற்கு முன்னால் நடந்தது. கடைசிப் பிழிதல் நடந்த பிறகு அடங்கினால் முடிந்தது. அது நடக்காமலே அடங்கினால் எங்கோ சிக்கல். கடைசிப் பிழிதலை அடையாளம் காண ‘300 வாட்டுக்கு மேல்’ என்று மட்டும் எழுதினால் ஹீட்டரும் அதில் அகப்பட்டுவிடும். அதனால் ஒரு நிமிடச் சராசரி 300க்கும் 700க்கும் நடுவே தொடர்ந்து மூன்று நிமிடம் இருக்க வேண்டும் என்று வைத்தேன். நடுவில் வரும் சின்னப் பிழிதல்கள் எங்கள் மெஷினில் அந்த அளவுக்கு நீடிப்பதில்லை. உங்கள் மெஷினின் எண்கள் வேறாக இருக்கும். ஒரு துவைப்பைப் பார்க்காமல் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளக் எத்தனை நொடிக்கு ஒருமுறை கணக்கு அனுப்புகிறது என்பதையும் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் பிழிதலே கண்ணில் படாமல் போய்விடும். பத்து நொடிக்கு ஒருமுறை என்றால் நல்லது.

பிளக் போட வசதியில்லாத இடத்தில் அதிர்வை அளக்கலாம். ADXL345 என்ற சின்ன உணரியை ESP32 பலகையோடு இணைத்து மெஷினின் மேல்தட்டில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் ஒட்டிவிடுவார்கள். பிழிதல் அதில் வெகு தெளிவாகத் தெரியும். ஆனால் தண்ணீர் நிரம்பும்போதும் ஊறும்போதும் அதற்கு எதுவுமே தெரியாது; பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடினால் அதையும் சேர்த்து உணரும். இதிலும் பிழிதலைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

துணி சுருங்காமல் இருக்க, முடிந்த பிறகும் அவ்வப்போது டிரம்மைச் சுற்றும் மெஷின்கள் உண்டு. அவற்றில் ஒரே சேதி திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை அனுப்பியதும், அடுத்த துவைப்பு தொடங்கும்வரை வாயை மூடிக்கொள்ளும்படி எழுதிவிட வேண்டும்.

இப்போது எங்கள் போனுக்கு இரண்டு விதமாகச் சேதி வருகிறது. கடைசிப் பிழிதலுக்குப் பிறகு இரண்டு நிமிடம் அடங்கியிருந்தால், ‘துணி தயார்’. பிழிதல் இல்லாமலே பத்து நிமிடம் அடங்கிக் கிடந்தால், ‘மெஷின் நின்றுவிட்டது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள்’. நீளமாக ஊறவைக்கும் துவைப்பைப் போட்டால் இந்த இரண்டாவது சேதி தேவையில்லாமல் வரும். அன்றைக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்துவிடுகிறேன்.