ஊறுகாய்க்கு என்ன விலை?

கோடையில் ஹைதராபாத் சந்தைகளுக்குச் செல்பவர்கள் ஒரு காட்சியைத் தவறவிட முடியாது. மாங்காய்க் குவியலின் அருகிலேயே கத்தியுடன் ஒருவர் அமர்ந்திருப்பார். வாங்கிய காயைக் கொட்டையோடு சேர்த்து வெட்டிக் கொடுப்பது அவர் தொழில். ஆவக்காய் ஊறுகாயின் முதல் செலவு மாங்காய் என்றால், இரண்டாவது செலவு அந்த வெட்டுக்கூலி. வீட்டில் ஊறுகாய் போட்டு விற்பவர்களுள் பலர் முதல் செலவை மறப்பதில்லை. ஆனால் இரண்டாவது முதல் கடைசி வரையுள்ள பல செலவுகள் அவர்களுடைய கணக்கில் ஏறாமலேயே போய்விடுகின்றன.

அவற்றையெல்லாம் ஏற்றினால் விலை எங்கே சென்று நிற்கும் என்பதை, பத்து கிலோ மாங்காயை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். கீழே வரும் விலைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் இட்டுக்கொள்ளலாம். கணக்கின் முறை மாறாது.

பொருள்களின் செலவு

பத்து கிலோ மாங்காயை வெட்டி, உள்ளிருக்கும் பருப்பை நீக்கி, ஓடு ஒட்டாத துண்டுகளை ஒதுக்கினால் எட்டு கிலோ அளவில் துண்டுகள் தேறும். இதற்கு மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, உப்பு ஆகியவை தலா ஒன்றரை கிலோ, பூண்டு அரை கிலோ, வெந்தயம் நூறு கிராம், நல்லெண்ணெய் நான்கு லிட்டர் எனக் கொள்வோம்.

மாங்காய் ரூ.600, வெட்டுக்கூலி ரூ.100, மிளகாய்த்தூள் ரூ.750, கடுகு ரூ.240, உப்பு ரூ.30, பூண்டு ரூ.100, வெந்தயம் ரூ.10, நல்லெண்ணெய் ரூ.1,520, சந்தைக்குச் சென்று வர ரூ.150. ஆக மொத்தம் ரூ.3,500.

எல்லாம் சேர்ந்த எடை ஏறத்தாழ 16.8 கிலோ. ஜாடியிலும் கரண்டியிலும் ஒட்டியது போக 16 கிலோவைப் புட்டியில் அடைக்கலாம். அதாவது 32 அரைகிலோ புட்டிகள். எத்தனை கிலோ வாங்கினோம் என்பதைவிட, எத்தனை கிலோ புட்டிக்குள் சென்றது என்பதே கணக்குக்கு அடிப்படை. ஆவக்காயில் சாறு வீணாவதில்லை. தக்காளித் தொக்கில் நீர் வற்றி எடை பெரிதும் குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வகையையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தே கணக்கிட வேண்டும்.

கணக்கில் ஏறாத கூலி

சந்தைக்குச் சென்று வர மூன்று மணி நேரம். காயைக் கழுவி, ஈரம் சிறிதுமின்றித் துடைத்து, துண்டுகளைச் சுத்தம் செய்ய நான்கு மணி. பொடித்துக் கலக்க மூன்று மணி. மூன்றாம் நாள் கிளறி எண்ணெய் சேர்க்க ஒரு மணி. புட்டிகளைக் கொதிநீரில் கழுவி, உலர்த்தி, நிரப்பி, மூடி, லேபிள் ஒட்ட ஐந்து மணி. மொத்தம் பதினாறு மணி நேரம். எட்டு மணி நேர வேலைக்கு ரூ.600 எனில் கூலி ரூ.1,200.

‘என் வீட்டு வேலைக்கு நானே கூலி வாங்குவதா?’ என்று தோன்றலாம். நாளை விற்பனை பெருகி உதவிக்கு ஓர் ஆளை அமர்த்தினால், அவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். இன்றைய விலையில் அதற்கு இடமில்லையென்றால், விற்பனை வளர வளர நட்டமும் வளரும்.

புட்டியும் மற்றவையும்

கண்ணாடிப் புட்டி, மூடி, லேபிள், முத்திரைத் தாள், மேலுறை எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு ரூ.30 என்றால், 32 புட்டிகளுக்கு ரூ.960. மின்சாரம், மிக்ஸியின் தேய்மானம், தொலைபேசி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு ஆகியவற்றுக்கு ரூ.340. இப்போது மொத்தச் செலவு ரூ.6,000.

இதனை 32 ஆல் வகுப்பது சரியன்று. சுவை பார்க்கக் கொடுத்தது ஒன்று, எண்ணெய் கசிந்து திரும்பி வந்தது ஒன்று என இரண்டு புட்டிகள் பணமாக மாறுவதில்லை. விலை போவது முப்பது எனில், ஒரு புட்டியின் அடக்கவிலை ரூ.200.

பொருள்களின் செலவை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு புட்டிக்கு ரூ.109 தான் ஆகிறது. ரூ.150க்கு விற்றால் நாற்பது ரூபாய் லாபம் என்று அவர் மகிழ்கிறார். உண்மையில் முப்பது புட்டிகளுக்கு வருவது ரூ.4,500, கூலி நீங்கலாகக் கையிலிருந்து சென்றது ரூ.4,800. பதினாறு மணி நேரம் உழைத்ததோடு, சொந்தப் பணம் முந்நூறு ரூபாயையும் இழந்திருக்கிறார்.

லாபத்தை எதன்மேல் கணக்கிடுவது?

இருபது விழுக்காடு லாபம் வேண்டும் என்பவர்கள், ரூ.200உடன் நாற்பதைக் கூட்டி ரூ.240 என விலை வைப்பது வழக்கம். ஆனால் ரூ.240இல் நாற்பது என்பது ஏறத்தாழ பதினேழு விழுக்காடுதான். விற்பனை விலையில் இருபது விழுக்காடு மிஞ்ச வேண்டுமாயின், அடக்கவிலையை 0.80 ஆல் வகுக்க வேண்டும். விலை ரூ.250 ஆகும்.

கடை வழியாக விற்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகிறது. கடைக்காரர் இருபது விழுக்காடு கழிவு கேட்டால், ரூ.250 புட்டிக்கு நமக்கு வருவது ரூ.200 மட்டுமே, லாபம் முழுவதும் அவருக்கே போய்விடும். ரூ.300 என அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட்டால், கழிவு போக ரூ.240 வரும். நேரில் வாங்குவோருக்கு அச்சிட்ட விலையிலிருந்து குறைத்து ரூ.250க்குக் கொடுக்கலாம். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி தவறு. எனவே கடைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், லேபிள் அச்சிடும் முன்பே இந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும்.

கால் கிலோ புட்டிக்குப் பாதி விலை வைப்பதும் தவறு. உள்ளடக்கம் பாதியானாலும் புட்டி, லேபிள், நிரப்பும் நேரம் ஆகியவை பாதியாவதில்லை. ரூ.125க்குப் பதிலாக ரூ.135 அளவில் வைத்தால்தான் கணக்குச் சரியாகும்.

காத்திருக்கும் பணத்தின் விலை

ஆவக்காய் கோடையில் போட்டு ஆண்டு முழுவதும் விற்பது. இதுபோல் பத்து முறை போட்டால் ரூ.48,000 ரொக்கம் ஒரே பருவத்தில் முடங்கும். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை ஈடின்றிக் கடன் கிடைக்கும் என்பதால், பலர் அதனை நாடுகிறார்கள். ஆண்டு வட்டி 12 விழுக்காடு என்றும், பத்து மாதத் தவணைகளில் கடனை அடைப்பதாகவும் கொண்டால், வட்டி ஏறத்தாழ ரூ.2,700. முந்நூறு புட்டிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஒன்பது ரூபாய். அடக்கவிலை ரூ.209 ஆகும், நேரடி விலை ஏறத்தாழ ரூ.261 ஆகும். சொந்தச் சேமிப்பைப் போட்டாலும், அது ஈட்டியிருக்கக்கூடிய வட்டியை இதேபோல் சேர்ப்பது முறை.

விலை அதிகமாகத் தோன்றினால்

செலவைக் குறைக்க முதலில் கண்ணில் படுவது எண்ணெய்தான். பொருள்களின் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதுவே. ஆனால் அங்கே கை வைக்கலாகாது. துண்டுகளுக்கு மேல் எண்ணெய் நிற்காவிட்டால் பூசணம் பிடிக்கும். திரும்பி வரும் புட்டிகள் சேமித்ததைவிட அதிகம் கொண்டுபோகும். குறைக்க வேண்டிய இடம் நேரம். ஒரே முறையில் இருபது கிலோ மாங்காய் போட்டால் சந்தைக்குச் செல்வது ஒருமுறைதான். பதினாறு மணி வேலை முப்பத்திரண்டாக ஆகாமல் இருபத்து நான்கில் முடியலாம். அப்போது ஒரு புட்டியின் கூலி நாற்பது ரூபாயிலிருந்து முப்பதாக இறங்கும்.

விற்ற பணம் கைக்கு வந்ததும், புட்டிக்கு நாற்பது ரூபாய் வீதம் கூலியைத் தனிக் கணக்கிற்கு மாற்றிவிடுங்கள். அதன் பின்னும் அடுத்த கோடையின் மாங்காய்க்கும் எண்ணெய்க்கும் தொழில் கணக்கில் பணம் இருந்தால், நீங்கள் வைத்த விலை சரியான விலை.