முறை வராமலே போகுமா? ஒற்றனை வைத்துப் பிடிக்கும் பிழை

இரண்டு நிரல்கள். இரண்டும் எழுத வேண்டிய கோப்பு ஒன்றுதான். ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பு நாசமாகும் என்பதால் நடுவே ஒரு பூட்டு. பூட்டு காலியாக இருந்தால் முந்திக்கொண்ட நிரல் எடுத்துக்கொள்ளும், எழுதி முடித்ததும் விட்டுவிடும். இந்த ஏற்பாட்டில் முதல் நிரல் காத்திருக்கத் தொடங்கினால் அதன் முறை என்றாவது வந்தே தீருமா? ஓட்டிப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும், ‘அடுத்த நொடியில் வரலாம்’ என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

மோஷே வார்டி, பியர் வோல்பர் என்ற இருவர் 1986-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். நிரலை ஒரு தானியங்கியாக எழுது. கேள்வியையும் ஒரு தானியங்கியாக எழுது. இரண்டையும் சேர்த்து ஓட்டு. அப்படிச் சேர்ந்து பிறப்பதைத்தான் பிராடக்ட் ஆட்டோமேட்டன் என்கிறார்கள்.

நம் நிரல்கள் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள்: சும்மா இருப்பது, காத்திருப்பது, எழுதுவது. இரண்டையும் சேர்த்தால் ஒன்பது ஜோடி வரும். இரண்டும் ஒருசேர எழுதும் ஜோடியைப் பூட்டு தடுத்துவிடுகிறது. மிச்சம் எட்டு.

கேள்வியின் தானியங்கியை ஓர் ஒற்றன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்லது நடப்பதை இவன் கவனிப்பதில்லை, விதி மீறப்படுவதை மட்டும் தேடுகிறான். ‘காத்திருந்தால் முறை வரும்’ என்பதன் மறுப்பு, ‘ஒரு கட்டத்தில் காத்திருக்கத் தொடங்கி, அதன்பின் ஒருபோதும் எழுதவில்லை’ என்பது. ஆகவே ஒற்றனுக்கு இரண்டே நிலைகள். முதலில் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். முதல் நிரல் காத்திருக்கும் ஏதோ ஒரு கணத்தில், ‘இனி இவனுக்கு முறை வராது’ என்று ஊகித்துச் சந்தேக நிலைக்குத் தாவுவான். அதன்பின் முதல் நிரல் எழுதிவிட்டால் ஊகம் பொய்த்தது, அந்தப் பாதை அங்கேயே முடியும். எந்தக் காத்திருப்பில் தாவுவது என்பது அவன் விருப்பம். முதல் தடவையே தாவியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், நூறாவது தடவை நடக்கும் அநியாயம் கண்ணில் படாமல் போகும்.

சேர்த்து ஓட்டும்போது நிரல்கள் ஓர் அடி வைத்தால் ஒற்றனும் ஓர் அடி வைக்க வேண்டும். அவன் சாதாரணமாக இருக்கும்போது எட்டு நிலைகளும் சாத்தியம். சந்தேகத்தில் இருக்கும்போது முதல் நிரல் காத்திருந்தே ஆக வேண்டுமாதலால், இரண்டாவது நிரலைப் பொறுத்து மூன்று. ஆக மொத்தம் 11 நிலைகள்.

அந்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. முதல் நிரல் காத்திருக்கிறது, இரண்டாவது சும்மா இருக்கிறது. அடுத்து இரண்டாவதும் காத்திருக்கிறது. பூட்டு அதற்கே கிடைத்து எழுதுகிறது. முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்! நிலைகள் எண்ணி முடிக்கக்கூடியவை என்பதால், முடிவில்லாத ஓட்டம் எதுவானாலும் எங்கோ சுற்றித்தான் ஆக வேண்டும். சந்தேக நிலை வழியாக ஒரு சுழல் இருந்தால் விதி மீறப்படுகிறது, இல்லையென்றால் மீறப்படவில்லை. முடிவில்லாத காத்திருப்பைப் பற்றிய கேள்வி, ஒரு வரைபடத்தில் சுழல் தேடும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. கிடைத்த சுழலே பிழைக்கான ஆதாரமும்கூட.

‘முதலில் வந்தவருக்கே முதலில்’ என்று பூட்டை மாற்றுவோம். இருவரும் காத்திருக்கும் நிலை இப்போது, யார் முந்தி வந்தார் என்பதைப் பொறுத்து இரண்டாகிறது. சந்தேகப் பக்கத்தில் நான்கு நிலைகள், ஆனால் சுழல் கிடையாது. இரண்டாவது நிரல் அதிகபட்சம் ஒரு தடவை எழுதிவிட்டு மீண்டும் வரிசைக்கு வந்தால், அடுத்து நகரக்கூடியது முதல் நிரல் மட்டும்தான்.

பெல் ஆய்வகத்தில் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் உருவாக்கிய ஸ்பின் என்ற மென்பொருள் இதையெல்லாம் தானே செய்கிறது. ஒற்றனை உருவாக்க ஒரு வரி போதும். w காத்திருப்பதையும் c எழுதுவதையும் குறிக்கிறது:

```
spin -f '!([] (w -> <> c))'
```

பச்சை விளக்கு எரிந்தாலும் உடனே நம்பிவிடக் கூடாது. நிரலில் w ஒருபோதும் நிகழாதபடி எங்காவது எழுத்துப்பிழை இருந்தால், ஒற்றனுக்குத் தாவ இடமே இருக்காது. விதி வெறுமனே தேறிவிடும். அதனால் `[] !w` என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது. அது தோற்க வேண்டும்.

நிலைகளின் பெருக்கம் இன்னொரு தொல்லை. 32 பிட் எண் ஒன்றே 400 கோடிக்கு மேற்பட்ட மதிப்புகளை எடுக்கும். அதனால்தான் ஸ்பின் முழு வரைபடத்தையும் முன்கூட்டியே கட்டுவதில்லை, தேடிப் போகும் வழியில் நிலைகளை உண்டாக்கிக்கொள்கிறது. அப்படியும் நிரலின் எல்லாப் பகுதிக்கும் மாதிரி எழுத முடிவதில்லை. நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்துக்கான ரிமோட் ஏஜென்ட் மென்பொருளின் ஒரு பகுதியை 1997-இல் ஸ்பின் கொண்டு ஆராய்ந்து ஐந்து பிழைகளைக் கண்டார்கள். 1999 மே மாதம், விண்வெளியில் அந்த மென்பொருள் முட்டுக்கட்டையில் நின்றது. காரணம், அந்த ஐந்தில் ஒன்றின் சாயலில் இருந்த பிழை. மாதிரி எழுதப்படாத வேறொரு பகுதியில் இருந்தது.