பள்ளி வினாடி வினா: மேசை, மணி, மதிப்பெண்

பிரிட்டனில் 1962-ல் தொடங்கிய ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ வினாடி வினாவில் ஓர் அணி மாடியிலும் மற்றொன்று அதற்குக் கீழேயும் உட்கார்ந்திருப்பதுபோல் திரையில் தெரியும். உண்மையில் இரண்டு அணிகளும் ஒரே தரையில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில்தான் இருக்கின்றன. மாடி என்பது திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் வித்தை. யார் பதில் சொல்கிறார் என்பது பார்ப்பவருக்கு உடனே புரிந்தால் போதும். அரங்கின் முதல் வேலை அதுதான். பள்ளி சேனலுக்கு நான்கு மேசைகளைப் பிறை வடிவில் போட்டு, ஒவ்வொன்றின் முன்னும் அணியின் பெயரும் மணியோடு எரியும் ஒரு விளக்கும் வைத்தால் போதுமானது. மினுங்கும் பின்னணிக்குச் செலவழிப்பதைவிட ஆளுக்கொரு நல்ல மைக் வாங்கலாம்.

சிக்கல் சுற்றுகளில்தான். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நான்கு அணிகள். நேரடிக் கேள்விக்குப் பத்து மதிப்பெண். தெரியாவிட்டால் கேள்வி அடுத்த அணிக்குப் போகும், அதற்கு ஐந்து. அணிக்கு இரண்டு கேள்விகள் வீதம் கேட்கிறோம். குறிஞ்சி இரண்டையும் தவறவிட, முல்லை அவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறது. மற்ற மூன்று அணிகளும் தங்கள் கேள்விகளுக்குச் சரியாகவே சொல்கின்றன. கடைசியில் முல்லைக்கு 30, மருதத்துக்கும் நெய்தலுக்கும் 20. முல்லையின் திறமை பாதி, உட்கார்ந்த இடம் பாதி! இரண்டாவது முறை கேள்வியை எதிர்த்திசையில் கடத்துங்கள். குறிஞ்சி விட்ட கேள்வி இப்போது நெய்தலுக்குப் போகும். அதுவும் சரியாகச் சொன்னால் முல்லைக்கும் நெய்தலுக்கும் 25. மருதத்தின் கைக்கு அப்போதும் எதுவும் வராது. அதனால்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் முயலும் மணிச்சுற்று ஒன்று கட்டாயம் வேண்டும்.

மணிச்சுற்றுக்கான கேள்வியை எழுதும்போது கவனம் தேவை. “தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் ஆனைமுடி, தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் எது?” என்று எழுதினால், பாதியிலேயே மணியடித்த மாணவி ஏமாறுவாள். விவரம் தெரிந்தவளுக்கே தண்டனை. “நீலகிரியில் உள்ளது, உயரம் 2,637 மீட்டர், தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் எது?” என்று கேட்டால், முன்னால் தெரிந்தவர் முன்னால் அடிப்பார். மணி ஒலித்த நொடியே தொகுப்பாளர் வாசிப்பை நிறுத்த வேண்டும். அவர் கையிலுள்ள தாளில் ‘தொட்டபெட்டா’ என்ற விடையோடு, எந்தெந்த உச்சரிப்பை ஏற்கலாம் என்பதும் இருக்கட்டும். ஒளிப்பதிவின் நடுவே நடுவரைத் தேடி ஓடக் கூடாது.

மதிப்பெண் பட்டைக்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் OBS-இல் எழுத்துப் பகுதிக்கு ‘Read from file’ என்றொரு வசதி உண்டு. ஒவ்வோர் அணிக்கும் ஓர் எழுத்துக் கோப்பு. கணக்கர் எண்ணை மாற்றிச் சேமித்தால் திரையிலும் மாறிவிடும். தொகுப்பாளர் “சரி” என்று சொன்ன பிறகே அவர் சேமிக்க வேண்டும். எண் முந்திக்கொண்டால் விடை சரியா தவறா என்ற பதைப்பு போய்விடும். கணக்கர் தாளிலும் தனியாகக் குறித்துவந்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திரையோடு ஒப்பிட்ட பின்பே அடுத்த சுற்றுக்குச் சைகை காட்டலாம்.